டம் ஷராட்ஸ் சீட்டில் என்ன எழுதலாம்: ஆறு வயதும் எழுபது வயதும் ஒரே கூடத்தில் இருந்தால்

பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ குடும்பம் கூடும்போது, சீட்டில் உள்ள சொல்லைப் பேசாமல் நடித்துக் காட்டித் தன் அணியைக் கண்டுபிடிக்க வைக்கும் டம் ஷராட்ஸ் ஆடலாம் என்று யாராவது சொன்னால், சீட்டு எழுதும் வேலை பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் ஒருவரிடம் போய்ச் சேரும். அவரும் மளமளவென்று முப்பது சினிமாப் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் தாத்தா பேப்பரை விரித்துவிடுவார். வாண்டுகள் மாடிக்கு ஓடிவிடுவார்கள். மூன்று நான்கு பேர் மட்டும் தங்களுக்குள் கத்திக்கொண்டிருப்பார்கள். சீட்டை வேறு மாதிரி எழுதியிருந்தால் அதே கூட்டம், அதே கூடம், வேறு மாதிரி போயிருக்கும்.

எந்த வகைச் சொற்களை எழுதுவது, எதை எவ்வளவு எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். பதினான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். 72 வயதுத் தாத்தா, 68 வயதுப் பாட்டி, நாற்பதுகளில் சித்தப்பா, அத்தை, மாமா என்று ஆறு பேர், கல்லூரி வயதில் மூன்று பேர், 9 வயதுப் பையன் ஒருவன், 6 வயதுப் பெண் ஒருத்தி, வெளிநாட்டில் வளர்வதால் தமிழ் பேசவும் கேட்கவும் தெரிந்து, படிக்கத் தெரியாத 11 வயதுப் பிள்ளை ஒன்று. இரண்டு அணி, அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் இரண்டு முறை நடிக்க வேண்டுமென்றால் 28 சீட்டு வேண்டும். சரியில்லாத சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க இடம் வேண்டும் என்பதால் நாற்பது எழுதுவது நல்லது. ஒரு சீட்டுக்கு 90 நொடி கொடுத்தால், எழுந்து வருவது, சிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஆக, ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடியும்.

ஒரு சொல்லைச் சீட்டில் எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, அதை உடம்பால் காட்ட முடியுமா? இரண்டாவது, கண்டுபிடிக்கிறவர்கள் வாயில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதா? பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு, "ஈஸி", "கஷ்டம்" என்று பிரித்துவிடுகிறார்கள். ஆனால் இவை வேறு வேறு. பொறாமை என்ற சொல் எல்லோருக்கும் தெரியும், காட்டத்தான் முடியாது. ஆட்டுக்கல்லை அழகாகக் காட்டலாம், 6 வயதுப் பெண்ணின் வாயில்தான் அந்தச் சொல் இருக்காது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதே சைகைக்குப் பொருந்துகிற வேறு சொற்கள் எத்தனை இருக்கின்றன? அவை அதிகமாக இருந்தால் எவ்வளவு நன்றாக நடித்தாலும் 90 நொடி போதாது.

சினிமாப் பெயர்கள்

நம் வீடுகளில் டம் ஷராட்ஸ் என்றாலே சினிமாதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. எத்தனை சொல் என்று விரலால் காட்டுவது, எத்தனையாவது சொல் என்று சொல்வது, சொல்லை இரண்டாக உடைத்துக் காட்டுவது என்று சைகைகள் ஓரளவு பழகிப்போயிருக்கின்றன. பாதிப் பெயர் வந்தால் மீதி தானாக வாயில் வந்துவிடும். ஆனால் வயது கலந்த கூட்டத்தைச் சினிமாவைப் போலப் பிரிப்பது வேறொன்றும் இல்லை. எந்தப் பத்தாண்டின் படத்தை எழுதினாலும் யாரோ சிலர் வெளியே நிற்பார்கள். 1961இல் வந்த பாசமலர் பாட்டிக்கு உடனே வரும். கல்லூரிக்காரர்களுக்குப் பெயர் கேள்விப்பட்ட அளவில் இருக்கும். 9 வயதுப் பையனுக்குச் சுத்தமாக இருக்காது. போன வருடப் படத்தை எழுதினால் இதே வரிசை தலைகீழாகும்.

ஆகவே சினிமாவை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெயரின் கட்டமைப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். படமே தெரியாதவர்கூட சொல் சொல்லாகக் கட்டிச் சேர்த்துவிடக்கூடிய பெயர்கள் இருக்கின்றன. 2012இல் வந்த நான் ஈ அப்படிப்பட்டது. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அப்புறம் மூக்கருகே பறக்கும் ஒன்றை விரட்டினால் முடிந்தது. மூன்றாம் பிறையும் (1982) அப்படித்தான்: மூன்று விரல், காற்றில் ஒரு பிறை வளைவு. சின்னத் தம்பிக்கு (1991) உயரத்தைக் கையால் குறைத்துக் காட்டி, கூடத்தில் இருக்கிற ஒரு தம்பியைத் தொட்டால் போதும். எந்திரன் (2010) இன்னும் நல்லது. 6 வயதுப் பெண்கூட ரோபோ மாதிரி நடந்து காட்டுவாள், பெரியவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் நாயகன் (1987). படம் எல்லோருக்கும் தெரியும், பெயரைத்தான் உடம்பால் காட்ட வழியில்லை. தலைவன், ராஜா, ஹீரோ, வீரன் என்று பக்கத்துச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். வெறும் ஆள் பெயராக இருக்கும் படங்களுக்கும் இதே சிக்கல். அவற்றில் பெயரைக் காட்ட முடியாமல் படத்தின் ஒரு காட்சியைத்தான் நடிக்க வேண்டியிருக்கும். காட்சியைப் பார்த்தவர்களுக்கு மட்டும் அது பிடிபடும்.

ஒரே பெயரில் இரண்டு தலைமுறைகளில் படம் வந்திருந்தால் அது இந்த ஆட்டத்துக்குப் பெரிய வரம். ஆயிரத்தில் ஒருவன் 1965இலும் வந்தது, 2010இலும் வந்தது. தாத்தா ஒரு படத்தை நினைப்பார், அக்கா இன்னொரு படத்தை நினைப்பாள், இருவர் வாயிலும் ஒரே பெயர் வரும். காற்றில் ஒன்று, மூன்று பூஜ்யம் எழுதி, ஒரு விரலைத் தூக்கினால் சைகையும் முடிந்தது. பில்லாவும் (1980, 2007) விக்ரமும் (1986, 2022) பெயர் அளவில் இப்படித்தான். ஆனால் இரண்டும் ஆள் பெயர்கள் என்பதால் காட்டுவது சிரமம். ஆகவே நான் எழுதினால் முதலாவதை எழுதுவேன், மற்ற இரண்டையும் விட்டுவிடுவேன்.

அன்றாட வேலைகள்

தோசை சுடுவது, சேலை கட்டுவது, பல் தேய்ப்பது, ஊசி போட்டுக்கொள்வது. இந்த வகையில் எல்லா வயதுக்கும் ஒரே அளவு அறிவு இருக்கிறது. 72 வயதுக்காரரும் 6 வயதுப் பெண்ணும் சமமாக நிற்கிற இடம் இது ஒன்றுதான். வெளிநாட்டுப் பிள்ளைக்கும் இந்தச் சொற்கள் வீட்டிலேயே காதில் விழுந்தவை. அதனால் டப்பாவில் அதிக இடம் இதற்குத்தான் தர வேண்டும் என்பது என் முடிவு.

குறை என்னவென்றால், இது சீக்கிரம் முடிந்துவிடும். பல் தேய்ப்பதை யாரும் ஐந்து நொடியில் சொல்லிவிடுவார்கள். ஆட்டத்துக்குச் சூடு பிடிக்க ஒரு சொல் இருபது நொடியாவது தாங்க வேண்டும். ஐம்பது, அறுபது நொடிக்குள் விழவும் வேண்டும். இதற்கு வேறு அரிய சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. தெரிந்த வேலையோடு ஒரு விவரத்தைச் சேர்த்தால் போதும். டீ குடிப்பது என்பதற்குப் பதிலாகச் சூடான டீயை ஆற்றுவது. பஸ்ஸில் போவது என்பதற்குப் பதிலாக ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது. சேலை கட்டுவது என்பதற்குப் பதிலாகச் சேலைக்கு மடிப்பு வைப்பது. பார்க்கிறவர்கள் முதல் பாதியை உடனே பிடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த விவரத்தைத் தேடி ஆளாளுக்கு ஒன்று கத்துவார்கள். இரைச்சல் எழுவது அந்த இரண்டாவது பாதியில்தான்.

ஆனால் இந்த வகையில் விடை சரியா இல்லையா என்ற தகராறு வரும். சீட்டில் தோசை சுடுவது என்று இருக்கிறது, ஒருவர் தோசை ஊற்றுவது என்கிறார், இன்னொருவர் அடை என்கிறார். யாருக்குப் புள்ளி? எழுதும்போதே விடையாக ஏற்கப்படும் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிடுங்கள். தோசைக்கு மட்டும் அடிக்கோடு இருந்தால், தோசை ஊற்றுவது சரி, அடை தவறு. துண்டு போடுவது முக்கியம் என்றால் துண்டுக்கும் இடத்துக்கும் அடிக்கோடு. சீட்டு எழுதுகிறவருக்கு அரை நொடி வேலை, ஆட்டத்தில் அரை மணி நேரச் சண்டை மிச்சம்.

விலங்குகள்

பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான், அவர்கள்தான் இதை வெட்கப்படாமல் நடிப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது பக்கத்துச் சொல் மட்டுமே. நாலு காலில் நடக்கிற எதை எழுதினாலும், சத்தம் போடக் கூடாது என்ற விதியோடு சேர்ந்தால், எல்லாம் நாய் ஆகிவிடும். நரி, ஓநாய், சிறுத்தை, புலி நான்கையும் எழுதிவிட்டு 9 வயதுப் பையனிடம் கொடுத்தால் அவன் நான்குக்கும் ஒரே நடையைத்தான் நடப்பான். உடம்பில் ஒரே ஒரு அடையாளம் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிற விலங்கை எழுத வேண்டும். தும்பிக்கைக்காக யானை, கழுத்துக்காக ஒட்டகச்சிவிங்கி, வயிற்றுப் பைக்காகக் கங்காரு, தத்துவதற்காகத் தவளை, தோகைக்காக மயில். தவளையும் கங்காருவும் இரண்டுமே குதிக்கும் என்பதால் ஒன்றைச் சொல்லி மற்றதுக்குப் போக முடியும். இப்படி ஒரே ஒரு பக்கத்துச் சொல் இருப்பது நல்லது. மூன்று நான்கு இருந்தால்தான் சிக்கல்.

மேலும், தரையில் தவழ்கிற விலங்கு பாட்டி கையில் வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இடுப்புக்கு மேலே உள்ள உடம்பால் காட்ட முடியுமா என்று ஒவ்வொரு சீட்டையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். யானையும் மயிலும் தேறும், தவளை தேறாது.

பழமொழிகள்

இதைக் குழந்தைகள் இருக்கிற கூட்டத்துக்கு ஆகாது என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தக் கூட்டத்துக்கு மிகவும் பொருத்தமான சீட்டுகளில் சில இங்கேதான் கிடைக்கும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 6 வயதுப் பெண்ணுக்கு இந்தப் பழமொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. யானை மாதிரி நட, அப்புறம் வழுக்கி விழு என்று காதில் சொன்னால் பிரமாதமாக நடித்துவிடுவாள். அத்தையோ பாட்டியோ முழு வாக்கியத்தையும் சொல்லிவிடுவார்கள். நடிக்கிறவரும் கண்டுபிடிக்கிறவரும் ஒரே அளவு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த வகையில் இல்லை. ஒரு தலைமுறை காட்டுகிறது, இன்னொரு தலைமுறை முடித்துவைக்கிறது. சினிமாவில் இது அபூர்வமாகத்தான் நடக்கும்.

குரைக்கிற நாய் கடிக்காது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை இரண்டும் இதே வகை. முன்னதில் நாய், கடி, இல்லை என்று மூன்றே சைகை. பின்னதில் காதை நீட்டிக் கழுதை, தட்டில் சூடம் ஏற்றிக் காட்டி மூக்கை உறிஞ்சுவது. பழமொழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு சொல் வந்துவிட்டால் மிச்சமெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். அதனால் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

படமாகக் காட்ட முடியாத பழமொழியை மட்டும் தொடாதீர்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பதில் முகத்தைத் தொட்டுக் காட்டலாம், அகத்தை எப்படிக் காட்டுவது? நெஞ்சைத் தொட்டால் நான் என்பார்கள், மனசு என்பார்கள், இதயம் என்பார்கள். அவ்வளவு அருகில் போயும் 90 நொடி கரைந்துவிடும். ஒரு விலங்கோ பொருளோ, ஓர் அசைவோ பழமொழிக்குள் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

தெரிந்த ஆட்கள், வீட்டுப் பொருட்கள்

பாரதியாருக்கு முண்டாசும் மீசையும் போதும். காந்திக்குக் கைத்தடியும் வட்டக் கண்ணாடியும். ஔவையாருக்குக் கூனிய முதுகும் கோலும். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் பாட்டி சொல்லும் கதையிலும் ஒரே உருவத்தோடு வருகிறவர்களை எழுதினால் மூன்று தலைமுறைக்கும் பிடிபடும். கும்பகர்ணன் இதில் தனி. தூங்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்ப எழுப்ப எழக் கூடாது. இப்போதைய நடிகர், கிரிக்கெட் வீரர் பெயர்களை எழுதினால் சினிமாவில் வந்த அதே வயதுப் பிளவு திரும்ப வரும்.

வீட்டுப் பொருட்களை எழுதினால் அது பெரும்பாலும் அன்றாட வேலையாகவே மாறிவிடும். துடைப்பத்தைக் காட்ட வேண்டுமென்றால் பெருக்கத்தானே வேண்டும்? தனி வகையாக வைப்பதில் பெரிய லாபம் இல்லை. கேசட்டுக்குள் பென்சில் விட்டுச் சுற்றுவது போன்ற ஒன்றிரண்டை மட்டும் வைக்கலாம். நாற்பது வயதுக்காரர்கள் குதித்துக்கொண்டு சொல்வார்கள், பிள்ளைகள் அது என்ன என்று கேட்பார்கள். இரண்டுக்கு மேல் போனால் பிள்ளைகள் கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள்.

நாற்பது சீட்டை எப்படிப் பங்கிடுவது

நான் மேலே சொன்ன கூட்டத்துக்கு என் பங்கீடு இது. அன்றாட வேலைகள் 14, சினிமா 8, விலங்குகள் 6, பழமொழிகள் 5, தெரிந்த ஆட்கள் 5, பொருட்கள் 2. எல்லோரும் முப்பதைத் தாண்டிய கூட்டமென்றால் விலங்குகளை எடுத்துவிட்டு அந்த ஆறையும் சினிமாவுக்குக் கொடுக்கலாம். பத்து வயதுக்குக் கீழே ஐந்தாறு பேர் இருந்தால் சினிமாவை நான்காகக் குறைத்து, அந்த நான்கை விலங்குகளுக்குக் கொடுக்கலாம்.

எல்லாச் சீட்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலக்கலாமா, வயதுவாரியாக டப்பா வைக்கலாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். தனி டப்பா பாதுகாப்பானது. ஆனால் 9 வயதுப் பையனுக்குச் சின்னப் பசங்க டப்பாவில் எடு என்று சொன்னால் முகம் வாடிவிடும். அதைவிட நல்ல வழி, ஒரே டப்பா வைத்து ஒவ்வொருவரும் இரண்டு சீட்டு எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மடித்துத் திரும்பப் போடுவது. முழங்கால் வலி இருக்கிறவர் தவளையைத் திரும்பப் போட்டுவிடுவார், பழமொழி புரியாத பிள்ளை விலங்கை எடுத்துக்கொள்ளும். யாருக்கும் சலுகை கொடுத்த மாதிரி தெரியாது. படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எதிரணியில் இருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டையும் காதில் படித்துச் சொல்லட்டும். சொந்த அணிக்காரர் சொன்னால் அவர் விளையாட முடியாமல் போய்விடும்.

அணி பிரிக்கும்போது தாத்தாவும் பாட்டியும் ஒரே அணியில் சேரக் கூடாது. கல்லூரிக்காரர்கள் மூவரும் ஓர் அணியில் குவியவும் கூடாது. பழமொழிச் சீட்டு வேலை செய்ய ஒவ்வோர் அணியிலும் அதை முடித்துவைக்கிற வயதுக்காரர் ஒருவராவது வேண்டும்.

காதைப் பிடித்து இழுத்தால் அதே ஓசையுள்ள சொல் என்று பொருள் என்பதை ஆட்டம் தொடங்கும் முன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தமிழில் இது நன்றாகவே வேலை செய்யும், முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் வேறு சொல் கிடைப்பது நம் மொழியில் ஏராளம். பட்டம் என்பதைக் காட்ட முடியாமல் தவிக்கிறவர் காதை இழுத்துவிட்டுக் காற்றில் ஒரு வட்டம் போடலாம். ஆறு வயதுக்கு இது புரியாது, ஆகவே இந்தத் தந்திரம் இல்லாமல் காட்டவே முடியாது என்ற நிலையில் இருக்கும் சொல்லைச் சீட்டில் எழுத வேண்டாம்.

ஆட்டம் தொடங்கிய பிறகும் சீட்டைத் திருத்தலாம். முதல் ஆறு சீட்டைக் கவனியுங்கள். நடிக்க வந்தவர் பதினைந்து நொடிக்கு மேல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தச் சொல்லைக் காட்ட முடியவில்லை என்று பொருள். சைகை தெளிவாக இருந்தும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அந்தச் சொல் அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரே தவறான விடை மூன்று நான்கு வாய்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் பக்கத்துச் சொல் இழுக்கிறது. ஆறு விடையையும் ஒரே இருவர்தான் சொன்னார்கள் என்றால் வகைப் பங்கீடு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, பெரும்பாலும் சினிமா அதிகம். சீட்டு எழுதியவர் ஆட்டத்தில் சேராமல் நேரம் பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டால் இதையெல்லாம் எளிதாகக் கவனித்து, இடையில் காபி வரும்போது டப்பாவிலிருந்து நான்கைந்தை எடுத்துவிட்டு, கையில் தனியாக வைத்திருக்கிற அன்றாட வேலைச் சீட்டுகளைச் சத்தமில்லாமல் உள்ளே போட்டுவிடலாம்.